யூபிஎஸ்சி: 10 முறை விண்ணப்பித்தேன், கணக்கில் ஏறியது 7

2015 முதல் 2024 வரை வருடம் தவறாமல் சிவில் சர்வீசஸ் பிரிலிம்ஸுக்கு விண்ணப்பம் போட்டவன் நான். மூன்று வருடம் தேர்வுக்கே போகவில்லை. போகாவிட்டால் அட்டெம்ப்ட் போய்விடுமா, கட்டிய பணம் அடுத்த வருடத்துக்கு ஆகுமா என்று தம்பிமார்கள் இன்னமும் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் அது அட்டெம்ப்ட் இல்லை. ஹால் டிக்கெட் டவுன்லோட் செய்திருந்தாலும் சரிதான். பிரிலிம்ஸின் இரண்டு தாள்களில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்தால்தான் கணக்கில் ஏறும். 2018-இல் அப்பாவுக்கு ஆபரேஷன், ஜூன் 3 அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். 2020-இல் கொரோனா பயத்தில் வீட்டில் விடவில்லை, 2022-இல் படிப்பே முடியவில்லை. இந்த மூன்றும் என் கணக்கில் ஏறவில்லை.

ஏறியதில் ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. 2019 ஜூன் 2, காலையில் ஜிஎஸ் தாள் எழுதும்போதே காய்ச்சல் கொதித்தது, 11.30-க்கு வெளியே வந்ததும் மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டேன், மதியம் 2.30-க்கு சி-சாட் தாளுக்கு எழுந்து போக உடம்பில் தெம்பில்லை, ஆட்டோ பிடித்து அறைக்கு வந்துவிட்டேன். பாதிதானே எழுதினோம், கணக்கில் வராது என்று அன்று நினைத்தது தப்பு. ஒரு தாள் எழுதினாலே முழு அட்டெம்ப்ட். அதைவிடக் கொடுமை, இரண்டு தாளும் எழுதாதவரின் விடைத்தாளை மதிப்பிடுவதே கிடையாது, அதனால் காலையில் போட்ட உழைப்புக்கு மதிப்பெண்ணும் இல்லை, அட்டெம்ப்டும் போச்சு. வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓஎம்ஆர் தாளை வெறுமனே கொடுத்தாலும் எழுதியதாகத்தான் கொள்வார்கள். விண்ணப்பத்தை பிற்பாடு ரத்து செய்தாலும் எழுதிய கணக்கு அழியாது. உடம்பு முடியவில்லை என்றால் காலையிலேயே முடிவெடுங்கள், வாசல் வரை போய் மனசு மாறித் திரும்புவதில் எந்த நஷ்டமும் இல்லை, உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் நஷ்டம்.

2020-இல் என்னோடு அறையில் இருந்த அண்ணனுக்கு அது ஆறாவது, கடைசி அட்டெம்ப்ட், வயதும் முடிகிற வருடம். லாக்டவுனில் நூலகம் எல்லாம் மூடிக் கிடந்து சரியாகப் படிக்காமல்தான் அக்டோபர் 4 அன்று போய் எழுதினார். அவர் நிலையில் இருந்தவர்கள் இன்னொரு வாய்ப்பு கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள், 2021 பிப்ரவரி 24 அன்று மனு தள்ளுபடியாகிவிட்டது. கஷ்டத்தில் எழுதினேன் என்ற காரணத்துக்காக எழுதியதை எழுதாததாக ஆக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, பணம். கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் கிடையாது. போகாத வருடத்துப் பணம் திரும்பி வராது, அடுத்த தேர்வுக்கு வரவு வைக்கவும் மாட்டார்கள், அறிவிப்பிலேயே இது தெளிவாக இருக்கிறது. 2018 பணம் கணக்கில் இருக்கும் என்று நம்பி 2019 விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போனேன், கடைசியில் கட்டணப் பக்கம் வந்து நின்றது, மறுபடி கட்டினேன். பத்து வருடத்தில் 1000 ரூபாய், அதில் 300 போகாத தேர்வுக்கு. அட்டெம்ப்டைக் காப்பாற்றக் கொடுத்த விலை என்று பார்த்தால் அது பெரிதே இல்லை.

டிஎன்பிஎஸ்சி-யில் இதே நினைப்போடு இருந்துவிடாதீர்கள். பிசி, எம்பிசி பிரிவுக்கு அங்கே மூன்று இலவச வாய்ப்பு உண்டு. அது விண்ணப்பத்தில் சலுகை கேட்டதை வைத்து எண்ணப்படுகிறது. அதனால் போகப் போவதில்லை என்று தெரிந்த தேர்வுக்குச் சலுகையைக் கேட்டு வீணாக்காதீர்கள்.

ஆனால் யூபிஎஸ்சி-யில் அட்டெம்ப்டைச் சேமிப்பதால் எல்லோருக்கும் பலன் இல்லை. எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது, அவர்கள் போகாமல் இருந்து மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. பொதுப் பிரிவுக்கு 32 வயதுக்குள் 6 என்பதால் ஒவ்வொன்றும் தங்கம். நான் ஓபிசி, 35 வயதுக்குள் 9. நான் பிறந்தது 1990 ஜூலை, ஆகஸ்ட் 1 அன்று வயதைப் பார்ப்பார்கள், ஆக 2024-தான் எனக்குக் கடைசி. அப்போது 7 முடிந்திருந்தது, 2 மிச்சம். அந்த இரண்டையும் இனி எழுத முடியாது. 2020-ஐயும் 2018-ஐயும் நினைத்து வருத்தமில்லை, ஆனால் 2022-இல் நான் போயிருக்கலாம்.