செக் திரும்பினால் எந்தக் கோர்ட்: 138 புகாரா, ஆர்டர் 37 வழக்கா?

செக் திரும்பியதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "138 போடு" என்பதுதான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கொடுக்கும் கிரிமினல் புகார் அது. பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு வழியும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37-ன் கீழ்ப் போடும் சுருக்க வழக்கு அது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தவும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் கையில் இருக்கும் பணமும் பொறுமையும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் தேர்வு ஆர்டர் 37. 138 எதற்காக வந்தது, எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்த்தால் காரணம் புரியும்.

1989-க்கு முன் செக் திரும்பினால் கிரிமினல் பக்கம் இருந்த ஒரே வழி மோசடிப் புகார். அதில் செக் கொடுத்தபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், அது லேசில் முடியாது. செக்கை வாங்குபவருக்கு அதன் மேல் நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக 1988-ல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தி 138-ஆவது பிரிவைச் சேர்த்தார்கள். 1989 ஏப்ரல் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாலே, கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் செக் கொடுத்தவர். அதே சமயம் கவனக்குறைவால் கணக்கில் பணம் குறைந்துபோன நேர்மையானவர் ஜெயிலுக்குப் போகக்கூடாது என்பதால் நோட்டீஸ், 15 நாள் அவகாசம் என்ற பாதுகாப்பையும் வைத்தார்கள். அதாவது, ஆளை உள்ளே தள்ளுவதைவிடப் பணத்தைக் கட்ட வைப்பதுதான் இதன் நோக்கம்.

அந்தப் பாதுகாப்போடு சேர்ந்து வந்தவைதான் தேதிக் கணக்குகள். ஓர் உதாரணத்தில் பார்ப்போம். திருப்பூரில் ஒருவர் 2024 நவம்பர் 15 அன்று 6 லட்சம் ரூபாய்க்கு நூல் அனுப்புகிறார். வாங்கியவர் 2025 ஜனவரி 10 தேதியிட்ட செக் தருகிறார். செக்கின் ஆயுள் மூன்று மாதம். மார்ச் 3 அன்று வங்கியில் போடுகிறார், போதிய பணமில்லை என்ற குறிப்போடு மார்ச் 5 அன்று திரும்பி வருகிறது. அந்தத் தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 4-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். மார்ச் 20 அன்று அனுப்பியது எதிராளி கைக்கு மார்ச் 24 அன்று போய்ச் சேர்கிறது. அவருக்கு ஏப்ரல் 8 வரை 15 நாள் அவகாசம். கட்டவில்லை என்றால் ஏப்ரல் 9 அன்று வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அங்கிருந்து ஒரு மாதத்துக்குள், மே 9-க்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அப்படி வழியில்லை. செக்கின் ஆயுள் மீதம் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

நோட்டீஸில் பலர் தவறுவது தொகையில். செக் தொகையான 6,00,000-ஐத் தனியாகக் கேட்க வேண்டும். வட்டி, வக்கீல் செலவு எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். இன்னொரு கண்ணியும் உண்டு: எதிராளி இடையில் 1 லட்சம் கட்டியிருந்தால், அதைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும் வங்கியில் போட வேண்டும். குறிக்காமல் முழுத்தொகைக்குப் போட்டால் 138 நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

இதுவரை எல்லாம் வேகம்தான். 2002 திருத்தம் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க அனுமதித்தது, செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டையே ஆதாரமாக ஏற்கச் சொன்னது, ஆறு மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதி வைத்தது. ஆனால் 2019 டிசம்பர் 31 நிலவரப்படி நாட்டில் தேங்கிக் கிடந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 2021-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு குறிப்பிட்ட எண்ணிக்கை இது.

நீதிபதிகள் போதாது என்பது தெரிந்த விஷயம். அதைவிட ஆழமான காரணம் கிரிமினல் வழக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிமினல் வழக்கு நகர எதிராளி வர வேண்டும். பணத்தைக் கட்டாதவருக்கு வர விருப்பமில்லை.

வழக்கு நடக்கும் விதத்தைப் பாருங்கள். புகார் கோப்புக்கு எடுக்கப்பட்டுச் சம்மன் போகிறது. முகவரி மாறிவிட்டது, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வரும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியதை வாங்க மறுத்தால் சேர்ந்ததாகவே கருதலாம் என்று சட்டம் சொல்கிறது. கருதிய பிறகும் ஆள் நேரில் வர வேண்டுமே. பிடிவாரண்ட் போடுவார்கள். அதை நிறைவேற்ற வேண்டியது காவல் நிலையம், அங்கே கொலை, திருட்டு வாரண்டுகளுக்குப் பின்னால்தான் இது நிற்கும். கடைசியில் ஒரு நாள் வந்து ஜாமீன் பத்திரம் கொடுப்பார், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பார். அடுத்த இரண்டு வாய்தாவுக்கு வராமல் இருந்தால் மறுபடி வாரண்ட். தன் சார்பில் வக்கீலை நிறுத்தி, நேரில் வருவதிலிருந்து விலக்குப் பெற்றவராக இருந்தால் வழக்கு நகரும். வக்கீலும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நின்ற இடத்தில் நிற்கும். கூட்டு நிறுவனத்தில் மூன்று பங்குதாரர்களைச் சேர்த்திருந்தால் ஒருவர் வராததே போதும், வழக்கைப் பிரிக்கும் வரை மற்ற இருவரும் காத்திருப்பார்கள்.

2018-ல் இதற்கு மருந்தாக இரண்டு பிரிவுகள் வந்தன. 143ஏ-யின்படி, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். நம் உதாரணத்தில் 1,20,000 ரூபாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் வந்து, குற்றமில்லை என்று சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியே எழும். அப்படி எழும்போதும் கட்டாயமில்லை, மாஜிஸ்திரேட்டின் முடிவு என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இன்னொன்றான 148, தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யும்போது விதிக்கப்பட்ட தொகையில் குறைந்தது 20 சதவீதம் கட்ட வைக்கிறது. அது தீர்ப்பு வந்த பிறகு கிடைக்கும் உதவி. ஓடி ஒளிபவர் விஷயத்தில் இரண்டுமே தொடக்கத்தில் கைகொடுப்பதில்லை.

ஆர்டர் 37-ல் இந்தக் கணக்கு தலைகீழ். சம்மன் சேர்ந்த 10 நாளுக்குள் பிரதிவாதி ஆஜராக வேண்டும். வராவிட்டால் வாதியின் வழக்கு மனுவான பிராதில் சொன்னது ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும், பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணையான டிகிரியை உடனே கேட்கும் உரிமை வாதிக்கு வந்துவிடும். வந்தாலும் நேராக வழக்காட முடியாது. வாதி தீர்ப்புக்கான சம்மனைப் பிரமாண வாக்குமூலத்தோடு அனுப்ப, அடுத்த 10 நாளுக்குள் "எதிர்வாதம் செய்ய அனுமதி கொடுங்கள்" என்று காரணத்தோடு அவர் மனுப் போட வேண்டும். கடனில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டால் அதை டெபாசிட் செய்யாமல் அனுமதி கிடைக்காது. தான் வராதபோது கொடுக்கப்பட்ட எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்ய வேண்டுமானாலும் விசேஷக் காரணம் காட்ட வேண்டும், வழக்கமான சிவில் வழக்கில் போதுமான காரணம் இங்கே போதாது. வராமல் இருப்பதால் எதிராளிக்கு ஒரு லாபமும் இல்லை. நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

வட்டியும் இங்கே தெளிவு. வட்டி விகிதம் எழுதாத செக்குக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80-ஆவது பிரிவே சொல்கிறது. 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,08,000. எதிராளி இறந்தால் 138 வழக்கு அவரோடு முடிந்துவிடும், சிவில் வழக்கை வாரிசுகள் மேல், அவர்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத் தொடரலாம்.

செலவையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 6 லட்சத்துக்கு 18,000 ரூபாய். 138 புகாருக்கு அந்தச் சுமை இல்லை. வணிகத் தகராறு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் கேட்காதபோது, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். எதிராளி வராவிட்டால் 'நான் ஸ்டார்ட்டர்' அறிக்கை கொடுப்பார்கள், அதை இணைத்து வழக்குப் போடலாம். இதைச் செய்யாமல் போட்ட பிராது நிராகரிக்கப்படும். பிராதின் தலைப்பில் வழக்கு எண்ணுக்குக் கீழே ஆர்டர் 37-ன் கீழ் என்று எழுத வேண்டும், உள்ளேயும் அதே வரி வேண்டும். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு என்று ஒரு பரிகாரத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் சுருக்க வழக்கு என்ற தகுதியே போய்விடும்.

இந்த வழியும் சில இடங்களில் தடுமாறும். நூல் தரமில்லை என்று எதிராளி அப்போதே கடிதமோ டெபிட் நோட்டோ அனுப்பியிருந்தால், நிபந்தனையில்லாத அனுமதி கிடைத்துவிட வாய்ப்புண்டு. அதோடு வழக்கு சாதாரண வழக்காகி வேகம் போய்விடும். டிகிரி கிடைத்ததும் பணம் வந்துவிடாது, அதை நிறைவேற்றக் கேட்கும் மனுவான இ.பி. போட வேண்டும். திரும்பிய செக்கிலேயே கணக்கு எண் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் காலியாக இருக்கும். அவரிடம் சரக்கு வாங்கி இன்னும் பணம் தர வேண்டியவர் யார் என்று தெரிந்தால், அந்தப் பாக்கியையே ஜப்தி செய்யக் கேட்பது அதிகம் பலிக்கும். சொத்தே இல்லாதவரிடம் டிகிரி வெறும் காகிதம்தான். அங்கே ஜெயில் பயம் ஒன்றுதான் வேலை செய்யும்.

அதனால் 138-ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. அரசு ஊழியர், ஊரில் கடை வைத்திருப்பவர், வாரண்ட் வந்தால் பெயர் கெடும் என்று அஞ்சுபவர் விஷயத்தில் அது சீக்கிரம் சமரசத்தில் முடியும். ஒரு லட்சத்துக்குக் குறைவான தொகைக்கும் அதுவே பொருத்தம்.

ஆனால் 138-ஐ மட்டும் நம்பி உட்காருகிறவர் ஒரு தேதியை மறந்துவிடுகிறார். சரக்குப் பணத்துக்கான சிவில் காலவரையறை மூன்று ஆண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கழிந்த நாட்களை அதிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. நம் உதாரணத்தில் சரக்குப் போன நாளிலிருந்து எண்ணுவது பாதுகாப்பு, அதன்படி 2027 நவம்பர் 15 கடைசி நாள். அதற்குள் 138 வழக்கு குறுக்கு விசாரணைக்கே வராமல் இருக்கலாம். பிறகு எதிராளி விடுதலையானால் சிவில் கதவும் மூடியிருக்கும். 138 புகார் கொடுக்கும் அன்றே டைரியில் இந்தத் தேதிக்கு ஓர் ஆண்டு முன்னால், 2026 நவம்பரில், பிராது தயாரிக்க என்று குறித்துவையுங்கள். சமரச மையத்துக்கும் சேர்த்து அந்த ஓராண்டு தேவைப்படும்.