விக்கர்ஸ் படமா, பிவி லூப்பா?

சத்துவாச்சாரியில் ஒரு மாடியறையில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உடலியங்கியல் டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் வரும் கேள்வி: "சார், இதயச் சுழற்சிக்கு விக்கர்ஸ் படத்தைப் படிக்கணுமா, பிவி லூப் மட்டும் போதுமா?" விக்கர்ஸில் நேரம் கிடையாக ஓட, அழுத்தம், கொள்ளளவு, ஒலி என்று ஆறேழு கோடுகள் அடுக்கடுக்காக ஏறி இறங்கும். லூப்பில் நான்கே மூலைகள். அதனால் பிள்ளைகளின் ஓட்டு எப்போதும் லூப்புக்குத்தான்.

லூப்பின் அழகை நானும் மறுக்கவில்லை. கிடையாக இடது கீழறையின் கொள்ளளவு, செங்குத்தாக அதன் அழுத்தம். கீழ் வலது மூலையில், சுமார் 120 மில்லி ரத்தத்தோடு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடும். இதயத்தின் முதல் ஒலி அங்கேதான். அங்கிருந்து கோடு நேர்மேலே ஏறி, 80 மி.மீ. பாதரச அழுத்தத்தில், ரத்தம் மகாதமனிக்குப் போகும் வழியான அயோர்ட்டிக் வால்வு திறக்கும். 70 மில்லி வெளியேறிய பிறகு மேல் இடது மூலையில் அது மூடும், இரண்டாம் ஒலி. பிறகு நேர்கீழே இறங்கி மைட்ரல் திறக்கும். ஒலியுள்ள மூலைகள் இரண்டும் வால்வு மூடும் மூலைகள், திறக்கும் மூலைகள் மௌனம். இதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் படம் கிடையாது.

ஏன் மூடும்போது மட்டும் சத்தம்? குடியாத்தத்துப் பையன் ஒருவன் சொன்னான்: "எங்க வீட்டுத் தறியில நாடா ஓடும்போது அவ்வளவா சத்தம் வராது சார், பெட்டியில போய் மோதி நிக்கும்போதுதான் டக்குனு கேக்கும்." கிட்டத்தட்ட அதேதான். ஓடிக்கொண்டிருந்த ரத்தம் வால்வில் முட்டிச் சட்டென்று நிற்க, அந்த அதிர்வுதான் காதுக்கு வருகிறது.

சரி, லூப்பில் இல்லாதது என்ன? நேரம் இல்லை, மேலறையின் அழுத்தமும் இல்லை. மைட்ரல் குறுக்கத்தில் நமக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான்.

ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்தம் கீழே இறங்கச் சிரமப்படுவதால் மேலறை அழுத்தம் வழக்கமான 10-க்குப் பதில் 25 மி.மீ. அயோர்ட்டிக் வால்வு மூடும்போது கீழறை அழுத்தம் ஏறக்குறைய 100. அங்கிருந்து அது சரிந்து, மேலறைக் கோட்டை வெட்டும் இடத்தில்தான் மைட்ரல் திறக்கும். நல்ல இதயத்தில் 100-லிருந்து 10 வரை விழ சுமார் 90 மில்லிவினாடி. இவருக்கு 25-லேயே கோடுகள் வெட்டிக்கொள்வதால் 55 போதும். இறுகிய இதழ்கள் விரிந்து சட்டென்று முட்டி நிற்பதால், வழக்கமாக மௌனமான திறப்பும் இங்கே சத்தம் போடும்: ஓப்பனிங் ஸ்நாப். ஸ்டெத்தில் 'லப்-டப்-ட' என்று வரும். அந்த 'ட' 'டப்'பை எவ்வளவு நெருங்குகிறதோ, மேலறை அழுத்தம் அவ்வளவு அதிகம். குறுக்கமும் பெரும்பாலும் அவ்வளவு கடுமை. விக்கர்ஸ் படத்தில் மேலறைக் கோட்டைக் கொஞ்சம் தூக்கி வரைந்தாலே வெட்டுப்புள்ளி இடதுபக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். லூப்பில் எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது.

எங்கே ஏமாறலாம் என்பதையும் அதே படம் சொல்லிவிடும். இதே நோயாளிக்கு ரத்த அழுத்தம் அதிகமாகி, அயோர்ட்டிக் வால்வு 140-இல் மூடுகிறது என்று வையுங்கள். 140-லிருந்து 25-க்கு விழ ஏறக்குறைய 70 மில்லிவினாடி பிடிக்கும். குறுக்கம் துளியும் குறையவில்லை, ஆனால் இடைவெளி நீண்டு, நோய் லேசானது போலக் காட்டும். காதை நம்பும் முன் பிரஷர் பாருங்கள் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. இதழ்களில் சுண்ணாம்பு படிந்து அசைவே போய்விட்டாலோ ஸ்நாப்பே இருக்காது, முதல் ஒலியும் மங்கிவிடும். அப்போது எக்கோதான் வழி.

அதனால் முதல் வாரம் என் பலகையில் விக்கர்ஸ்தான். அப்படியென்றால் லூப் வீணா? மைட்ரல் ஒழுகும்போது பாருங்கள். முதல் ஒலிக்குப் பிறகு சுமார் 50 மில்லிவினாடிக்கு இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும், கொள்ளளவு மாறக்கூடாது. ஒழுகும் இதயத்தில் அயோர்ட்டிக் வால்வு திறக்கும் முன்பே ரத்தம் மேலறைக்குப் பின்வாங்குகிறது. அதனால்தான் முணுமுணுப்பு முதல் ஒலியோடு ஒட்டியே தொடங்குகிறது. விக்கர்ஸின் கொள்ளளவுக் கோட்டில் இது ஒரு சின்னச் சரிவு, யாரும் கவனிப்பதில்லை. லூப்பிலோ நேராக ஏற வேண்டிய கோடு இடதுபக்கமாகச் சாய்ந்து நிற்கும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். அந்த ஒரு சாய்வுக்காகவே இரண்டாம் வாரம் லூப்பை வரைகிறேன்.