காங்கேசன்துறைக் கப்பலா, பலாலி விமானமா: நெடுந்தீவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்

திருச்சியில் இருக்கும் மச்சான் குடும்பத்தோடு ஓகஸ்டில் வருகிறார். ஆறு நாள் லீவு. நாகபட்டினத்திலிருந்து கப்பலில் வந்து, ஊர் பார்த்து, ஐந்தாம் நாள் நெடுந்தீவு போய், ஆறாம் நாள் கப்பலிலேயே திரும்புவது அவர் போட்ட திட்டம். காகிதத்தில் பார்த்தால் குறையில்லை. காற்றைத்தான் அதில் சேர்க்கவில்லை.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பலாலிக்குத் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவது ஏடிஆர் எனும் காற்றாடி விமானம். பறப்பது ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின். ஆனால் எது வேகம் என்பதை விட, குழம்பினால் எவ்வளவு நேரம் குழம்பும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விமானத்தைத் தடுப்பது பெரும்பாலும் ஓடுபாதை மேல் நிற்கும் மழையும் பனிமூட்டமும். அது சில மணி நேரத்தில் விலகும். கடலைத் தடுப்பது காற்று. காற்று அடங்கினாலும் அலை உடனே அடங்காது, மேலும் ஒரு நாள் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் விமானம் பிந்தினால் அரை நாள் போகும், ரத்தானால் ஒரு நாள். கப்பல் நின்றால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தே போகலாம். போதாததற்கு, வாரத்தில் கப்பல் ஓடாத நாட்களும் உண்டு.

மாரி தொடங்கிவிட்டால் கதை வேறு. இந்தச் சேவை 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, ஒரு வாரத்துக்குள்ளேயே பருவமழையால் நின்றது. மறுபடி ஓடியது 2024 ஓகஸ்டில். அந்த மாரியிலும் நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் தொடங்கியது. காங்கேசன்துறை வடக்கே திறந்த கடல். வாடைக்காற்று நேரே வந்து அடிக்கும். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை கப்பலை நம்பி லீவு எழுதிக் கொடுக்க வேண்டாம். விமானம்தான்.

சரி, ஓகஸ்டில்? அப்போது சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து வருவதால் காங்கேசன்துறைப் பக்கத்தைக் குடாநாடே ஓரளவு மறைத்துக்கொள்ளும், கப்பலுக்குப் பெரிய தொல்லை இல்லை. அடி வாங்குவது நெடுந்தீவுப் பாதைதான். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம், பாதிக்கு மேல் மறைப்பே இல்லாத கடல். படகுகளில் பலவற்றில் பயணிகள் கீழ்த்தட்டில்தான் இருப்பார்கள். சாரல் அடிக்கும் பக்கம் படங்கை இறக்கிவிட்டால் டீசல் மணமும் வெக்கையும் உள்ளேயே நிற்கும். வயிறு பொறுக்காதவர்கள் பின்பக்கம், நடுவாக இடம் பிடிக்க வேண்டும்.

சோளகம் காலையில் சற்று அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற உரக்கும். காலைப் படகில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே மாவிலித்துறையில் இறங்குவார்கள். பிற்பகல் திரும்பும்போதுதான் முகம் மாறும். இதனால் ஒரே நாளில் போய்வருவதை விட, தீவில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலைப் படகில் திரும்புவதே ஓகஸ்டுக்குச் சரி. தங்க இடம் குறைவு, முன்பே பேசி வைக்க வேண்டும். தங்கினால் பெருக்கமரம், கல்வேலிகள், குதிரைகள் எல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம் என்பது மேல்மிச்சம்.

நயினாதீவு இதற்கு நேர்மாறு. கால் மணி நேர ஓட்டம், படகுகளும் அடிக்கடி உண்டு. ஆனித் திருவிழாவிலும் போயா நாட்களிலும் நெரிசலைத் தவிர வேறு இடைஞ்சல் குறைவு. அதைக் கடைசி நாட்களுக்கு ஒதுக்கலாம்.

இதையெல்லாம் வைத்து மச்சானுக்கு மாற்றிக் கொடுத்த திட்டம் இதுதான். வருவது கப்பலில். கப்பல் பிந்தினால் குறைவது ஊர் பார்க்கும் நேரம்தான். திரும்புவது விமானத்தில், ஏனென்றால் அங்கே தாமதம் அவருடைய வேலையில் கை வைக்கும். வந்த மறுநாளே நெடுந்தீவு, இரவு அங்கேயே, மூன்றாம் நாள் காலை திரும்புதல். இரண்டாம் நாள் படகு ஓடாவிட்டால் மூன்றாம் நாள் போகலாம். திரும்பும் படகு ஒரு நாள் நின்றாலும் ஐந்தாம் நாள் யாழ்ப்பாணத்தில் இருப்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான்காம் நாள் நல்லூர், ஐந்தாம் நாள் நயினாதீவு. காலை விமானமானால் ஐந்தாம் நாள் மாலை யாழ்ப்பாண நகரத்தை விட்டு எங்கும் போகக்கூடாது. “அப்ப ரெண்டு பக்கமும் தனித்தனி டிக்கெட்டா?” என்று கேட்டார். ஆம், கொஞ்சம் கூடச் செலவாகும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

முதல் நாள் இரவே வானிலைத் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பார்த்துவிட வேண்டும். நெடுந்தீவுக்குப் பார்க்க வேண்டியது ‘புத்தளம் முதல் மன்னார் ஊடாக காங்கேசன்துறை வரை’ என்ற பகுதி. பலர் யாழ்ப்பாணத்தின் மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மழையே இல்லாமல் வெயில் கொளுத்தும் நாளில்தான் சோளகம் படகை நிறுத்தும். அந்தப் பகுதிக்கு மணிக்கு 60 கிலோமீற்றர் வரை காற்று உரக்கும் என்று போட்டு, மீனவர்களையும் எச்சரித்திருந்தால், விடியற்காலை பஸ் பிடித்துக் குறிகட்டுவானுக்கு ஓட வேண்டாம். அன்றே நல்லூருக்குப் போய்விட்டு, நெடுந்தீவை அடுத்த நாளுக்குத் தள்ளலாம்.