சம்பளத்தில் வரி நிலுவை பிடித்தம்: ஓடவிடலாமா, தவணை கேட்கலாமா?

வருமான வரி நிலுவைக்காகச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் வந்துவிட்டால், மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 226(2) அதைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே எச்.ஆரிடம் மன்றாடிப் பயனில்லை. பேச வேண்டியது கடிதம் அனுப்பிய அதிகாரியிடம். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் கடிதத்தில் வேறு பிரிவு எண் இருக்கலாம். இங்கே பழைய எண்களையே சொல்கிறோம்.

முதலில் அந்த நிலுவை உண்மையானதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் டிடிஎஸ் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் போனதால் வந்த நிலுவை என்றால், அதை ஊழியரிடம் கேட்கப் பிரிவு 205 தடை விதிக்கிறது. அந்த மாதப் பே-ஸ்லிப்புகளையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் இணைத்து அதைத்தான் எழுத வேண்டும். அங்கே தவணை கேட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நிலுவை சரியானதுதான் என்று வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். சம்பளம் முழுவதையும் பிடிக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 தரும் பாதுகாப்பு இங்கேயும் உண்டு: முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. மாதச் சம்பளம் 76,000 என்றால், 1,000 போக 75,000. அதில் மூன்றில் ஒரு பங்கான 25,000தான் பிடிக்கக்கூடிய உச்சம். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சட்டம் பார்ப்பது மொத்த மாத ஊதியத்தை, கைக்கு வரும் தொகையை அல்ல. வீட்டுக் கடன் தவணை எவ்வளவு போகிறது என்பது அந்தக் கணக்கில் வராது. அதைச் சொல்லிக் குறைக்கக் கேட்க அதிகாரிக்குக் கடிதம்தான் வழி. நிறுவனம் உச்சத்தைத் தாண்டிப் பிடித்திருந்தால், கணக்கைக் காட்டி நிறுவனத்திடமும் அதிகாரியிடமும் எழுத்தில் கேளுங்கள்.

நிலுவை 2,40,000 ரூபாய் வரி என்று கொள்வோம். கட்டாத தொகைக்குப் பிரிவு 220(2)இன்படி மாதம் 1 விழுக்காடு தனிவட்டி ஓடுகிறது. மாதத்தில் ஒரு நாள் வந்தாலும் முழு மாதமாகக் கணக்கு. தவணை அனுமதி கிடைத்தாலும் வட்டி நிற்காது. தவணை கேட்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். இன்றிலிருந்து ஓடும் வட்டியை மட்டும் வைத்து மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

| வழி | மாதம் | காலம் | வட்டி |
|---|---|---|---|
| பிடித்தத்தை அப்படியே விடுவது | 25,000 | 10 மாதம் | 12,750 |
| வெறும் தவணை | 15,000 | 16 மாதம் | 20,400 |
| முதலில் 60,000 கட்டிவிட்டுத் தவணை | 15,000 | 12 மாதம் | 11,700 |

முதல் வழியில் எழுத்து வேலை எதுவும் இல்லை. ஆனால் 25,000 பிடித்தமும் 1,800 பி.எஃப்.பும் போனால் கைக்கு 49,200தான். வீட்டுக் கடன் தவணை 22,000, குடும்பச் செலவு 33,000 என்றால் மாதம் 5,800 துண்டு விழும். அதைக் கிரெடிட் கார்டில் சமாளித்தால் மாதம் 1 விழுக்காட்டு வட்டியை அடைக்க அதைவிடப் பல மடங்கு வட்டியை வாங்கிக்கொள்வதாகும். இந்த வழி கடன் இல்லாத குடும்பத்துக்குத்தான் ஒத்துவரும்.

இரண்டாவது வழியில் மூச்சு விடலாம், ஆனால் அதிகாரி சம்மதிப்பது கடினம். 16 மாதம் என்றால் ஒரு மார்ச் 31 நடுவில் வந்துவிடும். வசூல் கணக்கு நிதியாண்டின் கடைசியில் பார்க்கப்படும் துறை அது. கையில் ஒன்றும் கொடுக்காமல் பிடித்தத்தை மட்டும் குறைக்கச் சொன்னால் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

எங்கள் தேர்வு மூன்றாவது. நகைக்கடனோ வைப்புத் தொகையோ போனஸோ, எதிலிருந்தாவது 60,000 புரட்டி முன்னதாகக் கட்டிவிட்டால் மாதம் 10,000 கூடுதலாகக் கையில் நிற்கும். துண்டு விழுந்த இடத்தில் 4,200 மிஞ்சும். வட்டியும் குறைவு. ஏப்ரலில் தொடங்கினால் மார்ச்சில் முடியும். நகைக்கடன் வட்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்த்தால் மொத்த வட்டி முதல் வழியைவிடக் கூடலாம்.

நான்காவதாக வசூலுக்குத் தடை கேட்கும் வழி ஒன்று இருக்கிறது. மேல்முறையீடு போட்டிருந்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017 ஜூலை 31 குறிப்பாணைப்படி பொதுவாக 20 விழுக்காடு (இங்கே 48,000) கட்டிவிட்டு மீதிக்குத் தடை கேட்கலாம். மேல்முறையீடு இல்லாதவருக்கு இது இல்லை. தோற்றால் வட்டி முழுதும் வந்து சேரும்.

கடிதம் எழுதும் முன் ஒரு சட்டச் சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை தரும் பிரிவு 220(3), கட்ட வேண்டிய கெடு முடிவதற்குள் விண்ணப்பிப்பவருக்கானது. அந்தக் கெடு வழக்கமாகக் கோரிக்கை நோட்டீஸ் கிடைத்து 30 நாள். நிறுவனத்துக்குக் கடிதம் போகும்போது அது பெரும்பாலும் கடந்திருக்கும். அதனால் அந்தப் பிரிவை மட்டும் நம்பி எழுதினால் “காலம் கடந்துவிட்டது” என்று ஒரே வரியில் பதில் வரும். மாறாக, பிடிக்கச் சொல்வது 226(2)இல் அதிகாரியின் விருப்புரிமை. எனவே பிடித்தத்தை நீக்கச் சொல்லாமல், தொகையைத் திருத்தி நிறுவனத்துக்குப் புதுக் கடிதம் அனுப்பக் கேளுங்கள். பணம் சம்பளத்திலிருந்தே வருவதால் அதிகாரிக்கு ஐயம் குறைவு. கோப்பு வரி வசூல் அதிகாரியிடம் போயிருந்தால், கால அவகாசம் தரும் அதிகாரத்தைப் பிரிவு 225(1) அவருக்குத் தருகிறது, அதைக் குறிப்பிடுங்கள்.

கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

“தங்கள் கடிதத்தின்படி மதிப்பீட்டு ஆண்டு ____க்கான நிலுவை ரூ. 2,40,000. இதில் ரூ. 60,000ஐ ____ தேதியில் செலுத்திவிட்டேன். சலான் நகல் இணைப்பு 1. மீதி ரூ. 1,80,000ஐ ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதம் ரூ. 15,000 வீதம் என் சம்பளத்திலிருந்தே பிடித்துச் செலுத்துமாறு என் நிறுவனத்துக்குத் திருத்தக் கடிதம் அனுப்பக் கோருகிறேன். என் மாத வரவு செலவு இணைப்பு 2. வட்டியைத் தனியே செலுத்தச் சம்மதிக்கிறேன். ஒரு தவணை தவறினால் முந்தைய தொகையே பிடிக்கப்படலாம்.”

கடைசி வாக்கியம் அச்சமூட்டலாம். ஆனால் தவணை தவறினால் மீதி முழுதும் உடனே கட்டவேண்டியதாகிவிடும் என்று பிரிவு 220(5) ஏற்கெனவே சொல்வதால், புதிதாக எதையும் இழக்கவில்லை. மூன்று பே-ஸ்லிப், ஆறு மாத வங்கிப் பட்டியல், கடன் தவணைச் சான்று இணைத்தால் போதும். வருமான வரி அலுவலகத்தின் தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை பழைய பிடித்தமே தொடரும். நிறுவனம் தானாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று: வங்கிக் கணக்கு முடக்கப் பயன்படும் பிரிவு 226(3)இல் மூன்றில் இரண்டு பங்குப் பாதுகாப்பு எழுதப்படவில்லை. ஆகவே பேச்சை இழுத்தடிப்பது ஆபத்து.

தொகை இசைவானபின்னும் கெட்டுப்போகும் இடம் சலான். நிறுவனத்தின் சம்பளப் பிரிவு பழக்கத்தில் இதையும் டிடிஎஸ் என்று தன் டேன் எண்ணில் கட்டிவிடும். அப்படியானால் பணம் நடப்பாண்டு டிடிஎஸ்ஸாகப் படிவம் 26ASஇல் ஏறும், நிலுவை அப்படியே நிற்கும். ஊழியரின் பான் எண்ணில், நிலுவைக்குரிய மதிப்பீட்டு ஆண்டில், e-Pay Tax பக்கத்தில் Demand Payment as Regular Assessment Tax (400) என்ற வகையில்தான் கட்ட வேண்டும். முதல் மாதச் சலானைக் கேட்டு வாங்கி இந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். சில நாளில் இணையதளத்தில் Response to Outstanding Demand பக்கத்தில் தொகை குறையவில்லை என்றால், அடுத்த சம்பளத்துக்குள் சலான் திருத்தம் கேட்க வேண்டும்.