முதல் வேலை, மாதம் 3,000 ரூபாய்: ஆர்.டி.யா, சீட்டா, எஸ்.ஐ.பி.யா?

ஸ்லைடு 1
சம்பளம் 22,000. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக 3,000 மிஞ்சுகிறது என்று வைப்போம். நான் அதை, மாதாமாதம் ஒரே தொகை கட்டும் வங்கி ஆர்.டி.யில்தான் போடுகிறேன்.

ஸ்லைடு 2
எதில் வட்டி அதிகம் என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் மாதம் 3,000 கட்டும்போது வட்டி ஒரு சதவீதம் கூடினாலும், வருடக் கடைசியில் 200 ரூபாய்கூடத் தேறாது. அதைவிட, நடுவில் பணம் தேவைப்பட்டால் எது கைக்கு வரும் என்று பாருங்கள்.

ஸ்லைடு 3: ஆர்.டி.
எட்டு மாதம் கட்டியாகிவிட்டது, 24,000 சேர்ந்திருக்கிறது. திடீரென ரூம் மாற வேண்டும், அட்வான்ஸ் கேட்கிறார்கள். ஆர்.டி.யை உடைத்தால், ஓடிய எட்டு மாதத்துக்கான வட்டியில் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள். 6 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 5 வந்தால், சுமார் 540 ரூபாய் வட்டி 450 ஆகும். போனது 90 ரூபாய்தான், அசலில் கை வைக்க மாட்டார்கள். உங்கள் வங்கியின் பிடித்தம் எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தபால் அலுவலக ஆர்.டி. அப்படியல்ல. அது ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. 12 தவணை கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம்.

ஸ்லைடு 4: சீட்டு
20 பேர், ஆளுக்கு 3,000, மொத்தம் 60,000. அதே எட்டாவது மாதம் ஏலத்தில் 12,000 தள்ளி எடுத்தால் 48,000 கைக்கு வரும். கட்டியதைவிடப் பெரிய தொகை, அதுதான் சீட்டின் பலம். ஆனால் இன்னும் 12 மாதம் கட்டியாக வேண்டும், வேலை போனாலும். இன்னொருவர் அதிகம் தள்ளினால் அந்த மாதம் உங்களுக்குக் கிடைக்கவும் கிடைக்காது. சேர்வதென்றால், 1982 சிட் பண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். ஆபீஸில் வாய்வார்த்தையில் ஓடும் சீட்டு என்றால், நடத்துபவர் மீதுள்ள நம்பிக்கைதான் பிணை.

ஸ்லைடு 5: எஸ்.ஐ.பி.
பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில் மாதாமாதம் போட்ட அதே 24,000, 15 சதவீதம் இறங்கியிருக்கும் நேரத்தில் எடுத்தால் 20,400. பத்து வருடம் தொடாத பணத்துக்கு இது சரியாக இருக்கலாம். அவ்வளவு காலம் ஓட்டிய அனுபவம் எனக்கில்லை.

ஸ்லைடு 6
ஆர்.டி. பிடித்தம் சம்பளம் ஏறிய இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கட்டும்; 20-ஆம் தேதி வைத்தால் கணக்கில் பணம் இருக்காது. அப்புறம், 3,000-க்கு ஒரே ஆர்.டி. போடாமல் 1,500 வீதம் இரண்டாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்றது பாட்டுக்கு ஓடும்.