இரண்டு வருடம் கணக்கு எழுதி விற்றதில் கற்றது

வீட்டிலிருந்து கப் கேக் செய்து விற்கிறேன். முதல் ஆறு மாதம் ஆர்டருக்குக் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. அப்புறம்தான் ஒரு நோட்டும் தராசும் வாங்கி வைத்தேன். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டும்.

ஒரு தடவை சுட்டால் 26 வரும். உடைந்தது, ருசி பார்த்தது போக விற்பது 24தான், அதாவது ஆறு வைத்த நாலு பெட்டி. பொருள் செலவு 520. இதை 26ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். 24ஆல் வகுத்தால்தான் பெட்டிக்கு 130 என்ற உண்மையான செலவு தெரியும்.

கேஸுக்கு ஊகம் வேண்டாம். சுடுவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போடுங்கள், இடையில் அதில் வேறு சமையல் கூடாது. எனக்கு 300 கிராம் குறைந்தது. கிலோ 120 என்றால் 36, பெட்டிக்கு 9. பாதி அளவு சுட்ட நாளிலும் 220 கிராம் போனது. ஓவனைச் சூடாக்கவே ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால் அரை ஆர்டருக்காக அடுப்பு பற்றவைப்பதை விட்டுவிட்டேன்.

பேக்கிங்தான் ஏமாற்றியது. பெட்டி மட்டும் கணக்கில் இருந்தது. உள்ளே போடும் தாள், ஸ்டிக்கர், டேப், பை எல்லாம் சேர்த்தால் 21. என் உழைப்பு, பாத்திரம் கழுவுவது உட்பட மூன்று மணி நேரம், மணிக்கு 60 வீதம் பெட்டிக்கு 45. ஆக 205. லாபம் 35 சேர்த்து 240.

டெலிவரி ஆப்பில் சேர்ந்தபோதுதான் பெரிய தவறு செய்தேன். கமிஷன் 25 சதவீதம் என்றதும் 240க்கு மேல் கால் பங்கு சேர்த்து 300 என்று விலை போட்டேன். ஆனால் கமிஷன் பிடிப்பது விற்கும் விலையில். 300இல் 75 போக மிச்சம் 225. லாபத்தில் 15 காணோம்! கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 240 ÷ 0.75 = 320. இதில் 80 போனாலும் 240 கைக்கு வரும்.

நானே கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்டருக்கு வேறு கணக்கு. ஒரு நடைக்கு 50 ஆகிறது, ஒரு பெட்டியானாலும் மூன்றானாலும் அதேதான். 'இலவச டெலிவரி' என்று சொல்லி ஒரு பெட்டி கொடுத்தால் 35 லாபம் போய் 15 நஷ்டம். இரண்டு பெட்டி என்றால் 20 தேறும். அதனால் இரண்டுக்குக் குறைந்தால் டெலிவரிக் கட்டணம் தனி என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளித்தார்கள், பெரும்பாலானோர் இரண்டாகவே வாங்கினார்கள்.

விலையை மாதாமாதம் மாற்றுவதில்லை. வெண்ணெய்தான் என் பொருட்களில் பெரிய செலவு. அதன் விலை ஏறினால் அன்று மட்டும் நோட்டைத் திறக்கிறேன்.