ஓட்டலுக்கு ஒரு ரெஸ்யூமே, கப்பலுக்கு இன்னொன்று: ஃப்ரண்ட் ஆபீஸ் பட்டதாரி எதை எங்கே அனுப்புவது?

ஓட்டல் மேலாண்மை முடித்து ஃப்ரண்ட் ஆபீஸ் பக்கம் போக நினைப்பவர்கள், வெளிநாட்டு ஓட்டலுக்கும் குரூஸ் கப்பல் நிறுவனத்துக்கும் பெரும்பாலும் ஒரே ரெஸ்யூமேயைத்தான் அனுப்புகிறார்கள். கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற வேலைதானே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற எண்ணம். வித்தியாசம் இருக்கிறது. அது வடிவமைப்பில் இல்லை. பயிற்சிக் காலத்தில் செய்த எந்த வேலையை மேலே ஏற்றுகிறோம், எதைக் கீழே இறக்குகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஓட்டல் ரிசப்ஷனின் நாள் முழுக்க அறையைச் சுற்றியே ஓடுகிறது. இன்று யார் வருகிறார்கள், என்ன விலைக்கு, அறை தயாரா, முன்பணம் வாங்கியாயிற்றா, முன்பதிவு இல்லாமல் வந்து நிற்பவருக்கு என்ன விலை சொல்வது, இன்னும் கொஞ்சம் பெரிய அறையை அவருக்கு விற்க முடியுமா. கப்பலில் இதில் பாதி கிடையாது. கேபின் எப்போதோ விற்றாயிற்று, செக்-இன் பெரும்பாலும் துறைமுக முனையத்திலேயே முடிந்துவிடுகிறது, வழியில் யாரும் புதிதாக வந்து அறை கேட்கப் போவதில்லை. கப்பலின் கெஸ்ட் சர்வீசஸ் மேசைக்கு வருபவர் வேறு காரணங்களுக்காக வருகிறார்: கணக்கில் தெரியாத ஒரு தொகை, தொலைந்த கேபின் அட்டை, பக்கத்து கேபின் சத்தம், வானிலையால் ரத்தான துறைமுகம். புகார் வந்தால் ‘வேறு அறை தருகிறேன்’ என்று சொல்லிச் சமாளிப்பது ஓட்டல்காரர்களுக்குக் கைவந்த வழி. நிரம்பிய கப்பலில் அந்த வழியும் அடைபட்டிருக்கும். கோபப்பட்டவர் பயணம் முடியும்வரை அதே கப்பலில், தினமும் அதே மேசையைக் கடந்துதான் சாப்பிடப் போவார்.

ஆகவே ஓட்டலில் ரெஸ்யூமே படிப்பவர் தேடுவது ‘இவரை ஷிஃப்ட்டில் போட்டால் எத்தனை நாளில் தனியாகச் செக்-இன் செய்வார்?’ என்பதற்கான பதிலை. கப்பலுக்கு ஆள் எடுப்பவருக்கு வேறு இரண்டு கேள்விகள். நீண்ட வரிசையும் கோபமான முகங்களும் இவரை உடைத்துவிடுமா? ஆவணங்கள் சரியாக இருந்து, சொன்ன தேதியில் கப்பலேற முடியுமா?

ஒரு கற்பனைப் பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டுப் படிப்பு, 180 அறை கொண்ட ஐந்து நட்சத்திர ஓட்டலில் 20 வாரப் பயிற்சி. அதில் ஃப்ரண்ட் ஆபீஸில் கிடைத்தது 6 வாரம்தான். மீதி சமையலறை, பரிமாறுதல், ஹவுஸ்கீப்பிங் என்று போய்விட்டது. அந்த 6 வாரத்தில் பெல் டெஸ்க்கும் தொலைபேசியும் இரண்டு வாரம், ரிசப்ஷன் மூன்று வாரம், நைட் ஆடிட் ஒரு வாரம். இடையில் இரண்டு பேருந்துகளில் 84 பேர் கொண்ட ஒரு குழு வந்து இறங்கியது. வேலை அனுபவம் இல்லை. பிரெஞ்சு கொஞ்சம் தெரியும்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். வரிகளின் சாரத்தை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். ஓட்டலுக்கு அனுப்பும் பதிப்பில் பயிற்சிப் பகுதி இப்படி இருக்கலாம்:

‘180 அறைகள், ஐந்து நட்சத்திரம், 6 வாரம் ஃப்ரண்ட் ஆபீஸ். மேற்பார்வையில் ஒரு ஷிஃப்ட்டுக்கு சுமார் 15 செக்-இன்: முன்பதிவைச் சரிபார்த்தல், அடையாளச் சான்றைப் பதிதல், கார்டில் முன் அனுமதி பெறுதல், கீ கார்டு வழங்குதல். ஹவுஸ்கீப்பிங் அறிக்கையையும் கணினியில் உள்ள அறை நிலையையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைத் தெரிவித்தல். நைட் ஆடிட்டில் அறை வாடகை ஏறுவதற்கு முன் விலைச் சரிபார்ப்பில் உதவி.’

அதே 6 வாரம், கப்பலுக்கு:

‘84 பேர் குழு வருகை: முந்தைய நாளே கீ கார்டுகளை அகரவரிசையில் தயாரித்து, லாபியில் தனி மேசை போட்டு வழங்கிய அணியில் ஒருவர். செக்-அவுட் நேரத்தில் விருந்தினர் கேட்கும் ஃபோலியோ சந்தேகங்களுக்கு, ரசீதை எடுத்துக் காட்டி விளக்கம். புகார்களைப் பதிவேட்டில் எழுதி, உரிய துறைக்கு அனுப்பி, தீர்ந்ததா என்று விருந்தினரிடம் திரும்பக் கேட்டல். ஷிஃப்ட் முடிவில் காசாளரின் ரொக்கக் கணக்கைச் சரிபார்ப்பதில் உதவி.’

இரண்டிலும் பொய் ஒரு வரிகூட இல்லை. ஓட்டல் பதிப்பில் குழு வருகையைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். கப்பல் பதிப்பிலோ அதுதான் முதல் வரி. ஏனென்றால் கப்பலில் பயணிகள் மாறும் நாள் என்பது அந்த 84 பேரின் பல மடங்கு: காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்க, மதியம் ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். அறை நிலை ஒப்பீடு, விலைச் சரிபார்ப்பு போன்ற வரிகள் கப்பல்காரருக்கு அவ்வளவாகப் பயன்படாது. செக்-அவுட் கணக்குச் சந்தேகம் நேரடியாகப் பயன்படும். கப்பலில் எல்லாச் செலவும் ஒரே அட்டையில் ஏறி, கடைசி இரவில் மொத்தமாகக் கணக்கு வரும். மறுநாள் காலை மேசை முன் நிற்கும் வரிசைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மென்பொருள் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டல்களில் பரவலாக இருப்பது ஆரக்கிளின் ஓபெரா. கப்பல்களில் அதே நிறுவனத்தின் கப்பல் மென்பொருள் பல இடங்களில் உண்டு. பழைய ஆட்கள் அதை இன்னும் ஃபிடெலியோ என்பார்கள். ஓபெரா தெரிந்தால் ஓட்டல் ரெஸ்யூமேயில் அது மேல் பாதியில் வர வேண்டும். ஆனால் ‘ஓபெராவில் நிபுணர்’ என்று எழுதும் பயிற்சி மாணவரை நேர்காணலில் பிடிக்க ஒரு கேள்வி போதும்: ‘வாடகையை கம்பெனி கட்டும், சாப்பாட்டை விருந்தினர் கட்டுவார். எப்படிப் பதிவீர்கள்?’ கணக்கை இரண்டு ஜன்னலாகப் பிரித்து, எந்தச் செலவு எதில் ஏற வேண்டும் என்று ரூட்டிங் கொடுத்த அனுபவம் இருந்தால்தான் பதில் வரும். பயிற்சி மாணவர்களுக்குப் பல இடங்களில் தனி லாகின் தருவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததுதான் மிச்சம். அதனால் செய்ததை ‘செய்தது’ என்றும் பார்த்ததை ‘கவனித்தது’ என்றும் பிரித்து எழுதுவதே நல்லது. கப்பல் பதிப்பில் ஓபெராவுக்கு ஒரு வரி போதும். அங்கே சேர்ந்த பிறகு அவர்கள் முறையில் எப்படியும் கற்றுக்கொடுப்பார்கள்.

சொந்த விவரங்களிலும் இரண்டும் பிரிகின்றன, ஓட்டல் பதிப்புக்குள்ளேயேகூடப் பிரிவு இருக்கிறது. வளைகுடா ஓட்டல்களுக்குப் புகைப்படம், நாட்டுரிமை, பிறந்த தேதி போடுவது வழக்கம். பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஓட்டல்களுக்கு இவற்றை எடுத்துவிட வேண்டும். பாகுபாட்டுக் குற்றச்சாட்டுக்கு இடம் தரக்கூடாது என்று அங்கே அவற்றைத் தவிர்க்கவே விரும்புகிறார்கள். கப்பலுக்கோ இவைதான் வடிகட்டி. பல நிறுவனங்கள் 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. பாஸ்போர்ட் எந்த மாதம், எந்த ஆண்டு வரை செல்லும் என்று எழுதுங்கள். ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் சில மாதம் மீதமிருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணை எழுதாதீர்கள், முகவர் கேட்டாலும் முதல் கட்டத்திலேயே தேவையில்லை. அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் பெற்ற தேதியோடு போடலாம். இல்லையென்றால் ‘இன்னும் பெறவில்லை’ என்று நேரடியாகச் சொல்லலாம். தேர்வான பிறகு எடுக்கச் சொல்லும் நிறுவனங்களும் இருப்பதால், அவசரப்பட்டு முன்கூட்டியே செலவு செய்யத் தேவையில்லை.

செலவு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கப்பலின் ஓட்டல் பிரிவு ஊழியர்களையும் மாலுமிகளாகவே கருதுகிறது. அதன்படி வேலை தேடித் தருவதற்கென்று அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமி புத்தகம் போன்றவற்றின் செலவு நம்முடையதாகலாம். விசா செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ரெஸ்யூமேயை ‘உள்ளே தள்ள’ பணம் கேட்கும் முகவரை அங்கேயே விட்டுவிடலாம்.

மொழி என்பது ஓட்டல் ரெஸ்யூமேயில் ஓரத்தில் ஒரு வரி. கப்பலில் அதற்கு எடை அதிகம், குறிப்பாக ஸ்பானிஷ், ஜெர்மன், இத்தாலியன், பிரெஞ்சு, போர்த்துகீசிய மொழிகளுக்கு. நம் பட்டதாரியின் பிரெஞ்சு ஆரம்பக் கட்டமான A2 நிலை என்றால் A2 என்றே எழுத வேண்டும். ‘சரளம்’ என்று எழுதினால் நேர்காணலை அந்த மொழியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கிலத்துக்குச் சில நிறுவனங்கள் மார்லின்ஸ் தேர்வு வைக்கின்றன, மதிப்பெண் கையில் இருந்தால் சேர்க்கலாம்.

சரி, வேலை அனுபவமே இல்லாதவர் எதை முதலில் அனுப்புவது? என் கணிப்பு ஓட்டல் பதிப்புதான். கெஸ்ட் சர்வீசஸ் பணிக்குப் பெரும்பாலான கப்பல் விளம்பரங்கள் நல்ல ஓட்டலில் ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்கின்றன. 6 வாரப் பயிற்சியை எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த வடிகட்டியில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது ஐரோப்பிய மொழி தடையில்லாமல் உரையாடும் B2 அளவில் இருந்தால் கதை வேறு. அப்போது கப்பல் பதிப்பையும் கூடவே அனுப்பிப் பார்க்கலாம். கப்பல்தான் ஆசை என்றால் ஓட்டலில் ஓர் ஆண்டு இருந்து, அந்த ஓர் ஆண்டில் குழு வருகை, கணக்குத் தகராறு, இரவு ஷிஃப்ட் புகார் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு எழுதலாம்.

இரண்டு பதிப்புக்கும் ஒரு பக்கம் போதும், பக்கத்தை இரண்டாகப் பிரிக்காத ஒற்றை நெடுவரிசை அமைப்பு, அட்டவணையும் படவடிவப் பட்டைகளும் வேண்டாம். ‘ஓபெரா 80 சதவீதம்’ என்று பட்டை வரைந்து காட்டுவது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

கப்பலிலிருந்து ஓட்டலுக்குத் திரும்பும்போது இன்னொரு சிக்கல் வரும். கப்பல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 6 முதல் 9 மாதம், நடுவில் சம்பளமில்லாத விடுப்பு. மூன்று ஒப்பந்தத்தையும் மூன்று வேலையாக எழுதினால், கப்பல் பழக்கம் இல்லாத ஓட்டல்காரர் இவர் எங்கும் நிலைக்க மாட்டார் என்று முடிவு செய்துவிடுவார். நிறுவனத்தின் பெயரை ஒருமுறை எழுதி, முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே காலமாகக் காட்டி, அதன் கீழே கப்பல்களின் பெயர்களையும் ‘மூன்று ஒப்பந்தங்கள், அனைத்தும் முழுமையாக முடிக்கப்பட்டவை’ என்ற வரியையும் சேர்த்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.